அம்மா தாயே, ஏற்கிறேன்!

வெளிநாட்டு விமான நிலையங்களில் தூணுக்குத் தூண் ஒரு பலகை இருக்கும்: இலவச வைஃபை. கழிப்பறைக்கு வழி காட்டும் பலகையைவிடப் பெரிதாக இருக்கும். அதை நம்பிப் போனை எடுத்தால் வைஃபை வளைவுகள் எல்லாம் நிறைந்து நிற்கும். வாட்ஸப்பில் அனுப்பிய "வந்து சேர்ந்துட்டேன்" மட்டும் கடிகாரக் குறியோடு நகராமல் கிடக்கும். சிக்னல் கிடைத்துவிட்டது, இணையம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே லாகின் பக்கம் என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு வழி மறிக்கிறது. அதற்கு உங்கள் பெயர் வேண்டும், மின்னஞ்சல் வேண்டும், செல்பேசி எண் வேண்டும், பிறந்த தேதி வேண்டும். சில ஊர்களில் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதும் வேண்டும். குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ஒரு நாட்டுக்குள் விடுவதற்கு அவருக்கு அது போதுமாக இருந்தது. ஒரு "ஹலோ" அனுப்ப விடுவதற்கு இவர்களுக்குப் போதவில்லை.

ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கையில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம், தனியாகப் போகிறார். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் போனை நீட்டினார்.

"தம்பி, கோடெல்லாம் நிக்கிது. ஆனா போகமாட்டேங்குது. நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?"

"இல்லம்மா, நீங்க எதையும் தப்பா அமுக்கல."

அவர் நம்பவில்லை. யாருமே நம்புவதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஏற்பாடு வேலை செய்யாதபோது, அறுபது வயதுப் பெண்மணி தன் விரலைச் சந்தேகப்படுகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கதவை மறைத்து வைத்தவன் நிம்மதியாக இருக்கிறான், சுவரில் முட்டிக்கொண்டவர் மன்னிப்புக் கேட்கிறார்.

கதவு எப்படி மறைகிறது என்று பார்ப்போம். போன் ஒரு வைஃபையில் சேர்ந்த உடனே, நம்மிடம் சொல்லாமல் ஒரு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் http://connectivitycheck.gstatic.com/generate_204 என்ற கூகுள் முகவரியைத் தட்டிப் பார்க்கும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு ஒரு வெற்றுப் பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று அர்த்தம். ஐபோன் http://captive.apple.com என்ற முகவரியைத் தட்டும். Success என்ற ஒற்றைச் சொல் வந்தால் அதற்குத் திருப்தி. விமான நிலைய வைஃபையில் இந்தக் கேள்வி கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போய்ச் சேராது. நடுவில் நிற்கும் கருவி அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, தன் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். சரவண பவனுக்குப் போகச் சொன்னால் மச்சான் கடை வாசலில் இறக்கிவிடும் ஆட்டோக்காரரின் வேலைதான் இது. எதிர்பார்த்த பதில் வராததால் போன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, Sign in to network என்று ஒரு அறிவிப்பைக் காட்டும், அல்லது அந்தப் பக்கத்தையே ஒரு சின்ன சன்னலில் திறக்கும்.

அதாவது, இந்த ஏற்பாடே ஒரு ஆள்மாறாட்டத்தின் மேல் நிற்கிறது. கூகுளைக் கேட்டவனுக்குக் கூகுள்போல நடித்துப் பதில் சொல்கிறார்கள். இன்றைய இணையத்தின் பாதுகாப்பு ஏற்பாடு இருப்பதே இப்படிப்பட்ட நடிப்பைப் பிடிப்பதற்காகத்தான் என்பதால், இரண்டும் முட்டிக்கொள்கின்றன. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் https என்று தொடங்குகின்றன. அந்தக் கடைசி s இருந்தால், பதில் சொல்பவர் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். வைஃபைக் கருவியிடம் கூகுளின் சான்றிதழ் ஏது? அதனால் பிரவுசர் சிவப்பில் எச்சரிக்கும், அல்லது வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். அதற்குப் பதில் முகவரிப் பெட்டியில் http://neverssl.com என்று, s இல்லாமல், முழுதாக அடியுங்கள். வேண்டுமென்றே பூட்டுப் போடாமல், இந்த ஒரு வேலைக்காகவே யாரோ ஒரு புண்ணியவான் நடத்தும் தளம் அது. பூட்டில்லாத கேள்வியைக் கருவியால் தடையின்றித் திருப்பிவிட முடியும். மறைந்திருந்த பக்கம் வெளியே வரும். மேலே சொன்ன captive.apple.com முகவரியும் எந்தப் போனிலும் இதே வேலையைச் செய்யும்.

இந்தக் கண்ணாமூச்சி அவசியமே இல்லை என்பதுதான் கொடுமை. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு 2020இல் ஆர்எஃப்சி 8908, 8910 என்று இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. போன் சேரும்போதே, "எங்கள் லாகின் பக்கம் இந்த முகவரியில் இருக்கிறது" என்று வலையே நேர்மையாகச் சொல்லிவிடலாம். யாரையும் இடைமறிக்க வேண்டாம், யாராகவும் நடிக்க வேண்டாம். போன்கள் அதைக் கேட்கக் கற்றுக்கொண்டன. பளிங்குத் தரையும் தொங்கும் தோட்டமும் வைக்கத் தெரிந்த நிலையங்களில் எத்தனையோ, அந்த ஒரு வரியைச் சேர்க்க மட்டும் இன்னும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

தஞ்சாவூர் அம்மாவின் போனில் அறிவிப்பும் வரவில்லை, பக்கமும் வரவில்லை. செட்டிங்ஸில் பார்த்தால் காரணம் தெரிந்தது. "பாதுகாப்புக்கு" என்று மருமகன் ஒரு விபிஎன் போட்டுக் கொடுத்து, எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தார். விபிஎன் எல்லாக் கேள்வியையும் மூடிய குழாய் வழியே அனுப்பப் பார்க்கும். லாகின் முடியாமல் குழாய் திறக்காது. குழாய் திறக்காமல் லாகின் பக்கம் வராது. இரண்டும் "நீ முதல்ல" என்று எதிரெதிரே நிற்கும். ஆண்ட்ராய்டில் Private DNS என்ற இடத்தில் யாராவது ஒரு முகவரியை எழுதி வைத்திருந்தாலும் இதே கதிதான். அதை Automatic என்று மாற்ற வேண்டும். விபிஎன்னை நிறுத்தினோம், வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டோம், பக்கம் வந்தது. உள்ளே நுழைந்தபிறகு விபிஎன்னைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், போடவும் வேண்டும்.

"வந்துருச்சு தம்பி!" என்றார். வந்தது என்னவோ உண்மை. ஆனால் இனிமேல்தான் விசேஷம்.

திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பொத்தான், Accept & Connect. அதன் மேல் இரண்டு சதுரங்கள். ஒன்று விதிகளை ஏற்பதாக. மற்றது, "எங்கள் கூட்டாளிகள்" அனுப்பும் சலுகைச் செய்திகளைப் பெற விருப்பம் என்பதாக. இரண்டிலும் யாரோ முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா முதன்முறையாகப் பார்க்கும் பக்கத்தில், அவருடைய விருப்பம் அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது! ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று, பிளானட்49 என்ற ஜெர்மன் பரிசுப்போட்டித் தளத்தின் வழக்கில், முன்கூட்டியே டிக் அடித்த பெட்டி சம்மதம் ஆகாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்தது, பெட்டி போகவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டாவது சதுரத்தைத் தட்டி டிக்கை எடுப்பது. எடுத்தாலும் பொத்தான் வேலை செய்யும். முதல் சதுரம் இல்லாமல்தான் உள்ளே விடமாட்டார்கள்.

பச்சைக்குக் கீழே நீலத்தில் Continue with Facebook. அதை அழுத்தினால் பெயர், படம், மின்னஞ்சல் என்று நாம் ஃபேஸ்புக்கில் வைத்திருப்பதில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போகும். தட்டச்சு செய்யும் சிரமம் மிச்சம் என்பது நமக்குக் கிடைக்கும் லாபம். அதற்கும் கீழே தங்க நிறத்தில் Premium, நிமிடக் கணக்கில் காசு. எல்லாவற்றுக்கும் அடியில், சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில், எறும்புகூட உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் ஒரு வரி இருக்கும்: Continue without registration, அல்லது Basic access. நமக்கு வேண்டியது அதுதான். எல்லாப் பக்கத்திலும் அது இருக்காது. இருக்கும் பக்கத்தில், பக்கத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்க்காதவர்கள் கண்ணில் படாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்திருப்பார்கள்.

அம்மாவின் பக்கத்தில் அந்த வரி இல்லை. செல்பேசி எண் கேட்டது. நாட்டுப் பட்டியலில் +91 தேடிப் பிடித்து எண்ணைப் போட்டோம். ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்று பக்கம் சொன்னது. எங்கே அனுப்பினார்கள்? ரோமிங் போடாமல் கிளம்பிய இந்திய சிம்முக்கு. வெளிநாட்டில் ரோமிங் இல்லாத சிம்முக்கு எஸ்எம்எஸ் வராது. ரோமிங் இருப்பவருக்குப் பெரும்பாலும் இந்த வைஃபையே தேவையில்லை. ஆக, இணையம் உள்ளவர்களுக்கு இணையம் தருகிறார்கள்! ரோமிங் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஐபோனில் ஓடிபியைப் பார்க்க அந்தச் சின்ன சன்னலை விட்டு வெளியே போனால், வைஃபையே விட்டுப்போகலாம், திரும்ப முதலிலிருந்து. திரையின் மேல் விளிம்பில் அறிவிப்பு வந்து போகும்போதே எண்ணைப் படித்துக்கொள்வது நல்லது. அந்த சன்னலின் மூலையில் Cancel என்று இருப்பது, நாம் உள்ளே நுழைந்ததும் Done என்று மாறும். மாறும் முன்னால் அதைத் தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

யாரைக் கேட்டாலும் இதற்கெல்லாம் "பாதுகாப்புச் சட்டம்" என்று பதில் வைத்திருப்பார்கள். பாதி உண்மை. 2005இல் லண்டன் குண்டுவெடிப்புக்குப் பின் இத்தாலி ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பொது இடத்தில் இணையம் கொடுப்பவர் அடையாள அட்டை வாங்கிப் பதிய வேண்டும். அந்த நிபந்தனை 2010 முடிவோடு காலாவதியானது. நாமும் யோக்கியர்கள் இல்லை. 2008 குண்டுவெடிப்புகளின்போது பூட்டில்லாத வைஃபை வழியாக மிரட்டல் மின்னஞ்சல்கள் போனதும், 2009இல் நம் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபைக்கு வருபவர் யாரென்று பதிந்துவைக்கச் சொன்னது. நம் விமான நிலையங்களில் ஓடிபிப் பெட்டி முளைத்தது அதன் வழியாகத்தான். இந்திய சிம் இல்லாமல் வந்து இறங்கும் வெள்ளைக்காரர் அதன்முன் விழிப்பதும், நம் அம்மா அங்கே விழிப்பதும் ஒரே விழிப்பு. ஆனால் எந்தப் பாதுகாப்புச் சட்டம் பிறந்த தேதியைக் கேட்டது? எந்தப் பயங்கரவாதியை வாசனைத் திரவியத் தள்ளுபடி அனுப்பிப் பிடித்தார்கள்? சட்டம் ஒரு சன்னலைத்தான் திறக்கச் சொன்னது. விற்பனைத் துறை அதன் வழியாக ஏறிக் குதித்து, பீரோவைத் திறந்துகொண்டிருக்கிறது.

ஓடிபிக்குப் பதில் மின்னஞ்சல் என்று ஒரு சின்ன இணைப்பு இருந்தது. அதைத் தட்டினோம். மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்யச் சொன்னது. மின்னஞ்சலைத் திறக்க இணையம் வேண்டுமே என்று பதற வேண்டாம். இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் சில நிமிட இணையத்தைக் கடனாக விடுவார்கள். அதற்குள் உறுதிசெய்யாவிட்டால் துண்டித்துவிடுவார்கள். அந்தச் சில நிமிடத்தில் அம்மா செய்த முதல் வேலை உறுதிசெய்வதல்ல. மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். அதுதான் சரியான வரிசை.

அனுப்பிவிட்டுக் கேட்டார்: "விதிமுறைன்னு போட்டிருந்துச்சே, அதுல என்ன தம்பி இருந்துச்சு?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களை வைத்து இரண்டு பேர் விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனம் லண்டனில் ஒரு சோதனை வைஃபை வைத்தது. அதன் விதிகளில் ஒன்று, வைஃபைக்கு ஈடாகத் தன் தலைப்பிள்ளையைக் காலாகாலத்துக்கும் ஒப்படைக்கச் சம்மதம் என்பது. பச்சைக்குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது மன்னன் பெயரை அந்த விதிக்கு வைத்திருந்தார்கள். ஆறு பேர் ஏற்றுக்கொண்டார்கள். 2017இல் மான்செஸ்டரின் பர்ப்பிள் என்ற வைஃபை நிறுவனம் இரண்டு வாரம் தன் விதிகளில் ஒரு பத்தியைச் செருகியது: ஆயிரம் மணி நேரச் சமூக சேவை. கழிப்பறை கழுவுதல், தெருநாய்களைக் கட்டியணைத்தல், நத்தை ஓடுகளுக்கு வண்ணம் தீட்டுதல் எல்லாம் அதில் அடக்கம். இருபத்திரண்டாயிரம் பேர் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். விதியில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரே ஒருவர்.

இந்தச் செய்தி வந்தபோது உலகமே சிரித்தது, மக்கள் எவ்வளவு சோம்பேறிகள் என்று. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. விமானம் ஏற அழைக்கும் நேரத்தில், கட்டைவிரல் அகலத் திரையில், வேற்று மொழியில், வக்கீலுக்கு வக்கீல் எழுதிய பதினைந்து பக்கத்தை நீட்டிவிட்டு, படிக்கவில்லை என்று கைகொட்டுவது என்ன நியாயம்? படித்துத்தான் என்ன செய்ய முடியும்? ஏழாம் பிரிவில் உடன்பாடில்லை, திருத்திக் கொடுங்கள் என்று யாரிடம் சொல்வது? முழுதாகப் படிக்க முடியாதவர்கள் மூன்று இடத்தை மட்டும் பார்த்தால் போதும். partners அல்லது third parties என்று வரும் வரி, உங்கள் விவரம் யாருக்கெல்லாம் போகிறது என்பது. location அல்லது analytics என்று வரும் வரி, நீங்கள் எந்தக் கடை முன் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று உங்கள் போனை வைத்துக் கணக்கெடுப்பது. auto-renew அல்லது charges என்று வந்தால், இலவச நேரம் முடிந்ததும் காசு ஓடத் தொடங்கும் என்பது. மூன்றாவது இருந்து, பக்கம் கார்டு எண்ணும் கேட்டால், போனை மூடிவிட்டு ஒரு காபி குடிக்கலாம்.

விமான நிலையம் தாண்டி ஓட்டலுக்கு வந்தால் விளையாட்டு மாறுகிறது. அங்கே இரண்டே பெட்டிகள்: Room number, Last name. உலகத்தில் எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு, அது கடைசியில் வரும் என்று முடிவுசெய்துவிட்ட மகானுபாவர் யாரோ அதைச் செய்திருக்கிறார். சாதிப் பெயரைப் பெயரிலிருந்து வெட்டியெறிந்த தமிழனை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

சு. முருகேசன் என்று ஒருவர், 412ஆம் அறையில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பையா. பாஸ்போர்ட்டில் Given name இடத்தில் Murugesan. Surname இடம் காலி. அறை பதிவுசெய்த தளம் Last name இல்லாமல் விடவில்லை, அதனால் அங்கே S என்று போட்டார். செக்-இன் செய்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், காலியிடத்தைப் பார்த்தார், தன் கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்த எதையோ அடித்தார். எதை அடித்தார் என்பதுதான் இப்போது கடவுச்சொல். S என்று போட்டால் தவறு என்கிறது. Subbiah, தவறு. Murugesan, அதுவும் தவறு. கடைசிப் பெயர் தெரியாதவர் என்பதற்கு LNU என்று போடும் வழக்கம் உண்டு. ஒரு புள்ளி மட்டும் வைப்பவர்களும் உண்டு. விமானச் சீட்டில் ஒட்டிக்கொண்டு வரும் மிஸ்டரையும் சேர்த்து Murugesanmr என்று பதிபவர்களும் உண்டு. தன் பெயரைத் தானே யூகிக்க முடியாமல் ஒரு மனிதர் நள்ளிரவில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பல முறை தவறினால் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிவிடும் பக்கங்களும் இருக்கின்றன. சொந்தப் பெயரைத் திருட வந்த திருடன் ஆகிவிடுகிறார்.

யூகிக்க வேண்டாம். அந்தப் பக்கம் ஓட்டலின் அறைப் பதிவேட்டு மென்பொருளைக் கேட்டுத்தான் பெயரைச் சரிபார்க்கிறது. அதே மென்பொருளிலிருந்துதான் அறைத் தொலைக்காட்சியில் Welcome Mr. என்று வரும் வரவேற்பும், செக்-இன்னில் கையெழுத்து வாங்கிய தாளும் பெரும்பாலும் வருகின்றன. தொலைக்காட்சியைப் போடுங்கள், உங்களுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புள்ளி, இடைவெளி உட்பட அதை அப்படியே அடியுங்கள். அறையைப் பதிந்தது மனைவியோ அலுவலகமோ என்றால் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரிசப்ஷனுக்குப் போன் செய்து, "வைஃபை வரவில்லை" என்று சொல்லாதீர்கள். ரௌட்டரை அணைத்துப் போடுகிறோம் என்று ஆளை அனுப்பி அரை மணி நேரத்தைத் தின்பார்கள். "412ஆம் அறைக்கு உங்கள் திரையில் Last name இடத்தில் என்ன இருக்கிறது, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்களிடம் access code என்று தனி எண்ணும் இருக்கும். கேட்டால் மட்டும் கொடுப்பார்கள்.

முதல்நாள் வந்த வைஃபை மறுநாள் வராமல் போவதற்கும் காரணம் உண்டு. ஓட்டல் உங்களை அடையாளம் வைத்திருப்பது போனின் வன்பொருள் எண்ணை வைத்து. இப்போதைய போன்கள் பின்தொடர்வதைத் தடுக்க ஒவ்வொரு வலைக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டும். ஐபோனில் Private Wi-Fi Address என்று இருக்கும். அந்த எண் மாறினால் ஓட்டலுக்கு நீங்கள் புதுப் போன். அறைக்கு இரண்டு, மூன்று கருவி என்று வரம்பு வைத்திருந்தால், உங்கள் பழைய எண்ணே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உங்களை வெளியே நிறுத்தும். அந்த ஓட்டலின் வலைக்கு மட்டும் அதை Fixed என்று வைத்தால் தீரும்.

இவ்வளவுக்கும் பிறகு, "பொது வைஃபையில் ஜாக்கிரதையாக இருங்கள், கண்ட பக்கத்தில் விவரம் கொடுக்காதீர்கள்" என்று நமக்கே புத்தி சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 2024இல் ஒருவர்மீது போலீஸ் வழக்குப் போட்டது. விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் உண்மையான வைஃபையின் பெயரிலேயே ஒரு போலி வைஃபை வைத்து, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் உள்ளே வாருங்கள் என்று ஒரு பக்கம் காட்டி, வந்தவர்களின் விவரங்களைச் சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. விவரம் கொடுத்தவர்களுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? அசல் பக்கமும் அதையேதான் கேட்கிறது! திருடனுக்கு ஒத்திகை பார்த்துக் கொடுத்ததே வீட்டுக்காரர்தான். வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மின்னஞ்சல் முகவரியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை எந்த நேர்மையான வைஃபைப் பக்கமும் தன் பெட்டியில் கேட்காது. கேட்டால் அது போலி. ஃபேஸ்புக், கூகுள் பொத்தான்களை அங்கே தொடாமலே விட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

இத்தனையும் எதற்கு, சொந்த சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு நாஷ்வில் கதை. அமெரிக்காவின் அந்த ஊரில் கேலார்ட் ஓப்ரிலேண்ட் என்ற பெரிய ஓட்டல், நிர்வாகம் மேரியட். மாநாட்டுக்குக் கடை போட வந்தவர்களிடம் ஒரு கருவிக்கு 250 முதல் 1,000 டாலர் வரை வைஃபைக் கட்டணம். அதைக் கட்டாமல் சொந்த ஹாட்ஸ்பாட் போட்டவர்களின் இணைப்பை, ஓட்டலின் கருவிகள் தேடிப்பிடித்து அறுத்துக்கொண்டே இருந்தன. 2014 அக்டோபரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தோடு சமரசமாகி 6 லட்சம் டாலர் கட்டினார்கள். காரணம் கேட்டதற்கு, விருந்தினர்களை ஆபத்தான ஹாட்ஸ்பாட்டுகளிடமிருந்து காப்பாற்றத்தான் செய்தோம் என்றார்கள். அதோடும் விடவில்லை. அந்தக் காப்பாற்றும் வேலையைச் சட்டப்படியே செய்ய அனுமதி வேண்டும் என்று, அமெரிக்க ஓட்டல் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஆணையத்திடம் மனுவும் போட்டிருந்தார்கள். 2015 ஜனவரியில்தான், நாலாபக்கமும் வசவு வாங்கியபிறகு, அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆறு லட்சம் டாலர் கட்டிய நிறுவனத்தின் கட்டணக் கணக்கில், விருந்தினரின் பெயர் எங்கும் Last name பெட்டியில் தடுக்கி நின்றதாகத் தெரியவில்லை. காசு வாங்க வேண்டியவரை அவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போவதே இல்லை.